ரிப்போர்ட்டிலும் அப்ரைசலிலும் ஏஐ எழுதும் வாசகம்: என் டீமுக்கு அனுப்பப்போகும் குறிப்பு, ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்

ஓசூர்_தரம்

ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பிரிவு மேனேஜராக இருக்கிறேன். எனக்குக் கீழே 14 பேர், பாதி இஞ்சினியர்கள், பாதி ஷிப்ட் சூப்பர்வைசர்கள். ஒன்றரை வருடமாக, கஸ்டமர் கம்ப்ளைன்ட்டுக்குப் பதிலாக நாங்கள் அனுப்பும் 8டி உட்பட, எங்கள் ரிப்போர்ட்டெல்லாம் திடீரென்று அழகான இங்கிலீஷில் வர ஆரம்பித்துவிட்டன. யார் எழுதித் தருகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், அதனால் யோக்கியன் வேஷம் போடவில்லை. ஆனால் போன வருடம் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு எழுத்தில் ஒரு குறிப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. வரைவு இதுதான், திங்கட்கிழமை அனுப்பவேண்டும்:

> எல்லோருக்கும். ரிப்போர்ட்டிலும் அப்ரைசலிலும் ஏஐ கருவிக்குத் தடை இல்லை. நீங்கள் எழுதியதன் இங்கிலீஷைத் திருத்தலாம், நீளத்தைக் குறைக்கலாம், தமிழில் எழுதியதை மொழிபெயர்க்கலாம். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அதைக் கொண்டு எழுதவைக்கக் கூடாது.
>
> 8டி ரிப்போர்ட்டில் பிரச்சினை விவரம், மூல காரணம் இரண்டையும் முதலில் நீங்களே எழுதுங்கள். எந்த மொழியானாலும் சரி, கையெழுத்தானாலும் சரி. அந்தக் காகிதம் ரிப்போர்ட்டோடு இணைப்பாக வரவேண்டும். ரிப்போர்ட்டில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும், ‘இப்படிச் செய்கிறோம்’ என்று சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பதிவேட்டுப் பக்கம் இருக்கவேண்டும். காரணம் தெரியவில்லை என்றால் ‘இன்னும் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.
>
> அப்ரைசலில் ஒருவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் தேதியோடு ஒரு சம்பவம் வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ரேட்டிங் என்ன என்று கருவியிடம் கேட்காதீர்கள், அதை முதலிலேயே நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர், எம்ப்ளாயி நம்பர், சம்பளம், மெடிக்கல் லீவ், கஸ்டமர் டிராயிங் எதையும் வெளிக் கருவியில் ஒட்டக்கூடாது.
>
> கருவியைப் பயன்படுத்தியிருந்தால் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பொள்ளாச்சி_காற்று

நல்ல விஷயம் சார். என் பையன் ஃபைனல் இயர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க இப்படித்தான் எழுதியிருக்கிறான், கைடு கண்டுபிடித்துவிடுவாரா என்று பயப்படுகிறான். இதைக் கண்டுபிடிக்காத மாதிரி மாற்றிக்கொடுக்கிற ஆப் ஏதாவது இருக்கிறதா?

ஷிப்ட்_பி

@பொள்ளாச்சி_காற்று அண்ணா, இங்கே பேச்சு அது இல்லை :)

ஓசூர் சார், எனக்கு இது பாதிக் கிணறு தாண்டுகிற மாதிரி இருக்கிறது. முழுசாகத் தடை போட்டுவிடுங்கள். சாம்சங்கில் 2023-ல் இஞ்சினியர்கள் கம்பெனியின் சாஃப்ட்வேர் கோடு வரிகளை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்ததும் மே மாதமே ஆபீஸ் கருவிகளில் அதைத் தடை செய்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியே அப்படிச் செய்யும்போது நாம் என்ன? யாராவது திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் பிடிப்பதற்கு டிடெக்டர் சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அதில் ஓட்டுங்கள், 50 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்புங்கள். வேலை முடிந்தது.

கேஜ்_ரூம்

தடை, டிடெக்டர் எல்லாம் அப்புறம். “போன வருடம் நடந்த ஒரு விஷயம்” என்று சொல்லிவிட்டு அதைச் சொல்லாமல் போனால் எப்படி? அது தெரியாமல் குறிப்பு சரியா தப்பா என்று சொல்லமுடியாது.

ஓசூர்_தரம்

சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு புஷ். உள்விட்டம் 22 மில்லி, டாலரன்ஸ் 22.000 முதல் 22.021 வரை. போன ஜூன் மாதம் கஸ்டமரிடமிருந்து கம்ப்ளைன்ட்: மூன்று பீஸில் போர், அதாவது உள்துளை, பெரிதாக இருக்கிறது, 22.026, 22.027, 22.028. வழக்கம்போல 8டி கேட்டார்கள். என் இஞ்சினியர், நல்ல பையன், அன்று அவன் கையில் வேறு நாலு கம்ப்ளைன்ட் இருந்தது. கஸ்டமரின் மெயிலையும் அந்த மூன்று அளவையும் கருவியில் கொடுத்து 8டி எழுதச் சொல்லிவிட்டான். வந்த ரிப்போர்ட் எவ்வளவு அழகு தெரியுமா. ஐந்து ‘ஏன்’ கேள்விக்கும் ஐந்து பதில். சாரம் இதுதான்: இன்சர்ட் என்ற வெட்டுமுனை தேய்ந்ததால் போர் பெரிதானது, ஷிப்ட் சூப்பர்வைசர் கவனிக்கத் தவறினார், இன்சர்ட் தேய்மானம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது, சம்பந்தப்பட்டவருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது. நான் படித்தேன், கையெழுத்துப் போட்டேன், போர்ட்டலில் ஏறியது, கஸ்டமரும் மூடிவிட்டார்.

அடுத்த மார்ச்சில் அப்ரைசல். எனக்குக் கீழே இருக்கும் செக்‌ஷன் ஹெட் சூப்பர்வைசர்களின் அப்ரைசலை எழுதினார். அவரும் கருவிதான். அந்த வருடத்து 8டி எல்லாவற்றையும் வருகைப் பதிவையும் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த பி ஷிப்ட் சூப்பர்வைசருக்கு வந்த வரி: நுணுக்கங்களில் கவனமும் ஷிப்ட் கண்காணிப்பும் மேம்படவேண்டும். ரேட்டிங் 4-லிருந்து 3. மாதம் 1,100 ரூபாய் இன்க்ரிமெண்ட் குறைந்தது. அவர் என்னிடம் வந்து, “சார், எந்த நாளில் நான் கவனிக்கவில்லை, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேஜ்_ரூம்

ஒரு நிமிஷம். இன்சர்ட் தேய்ந்தால் போர் *சிறிதாகத்தானே* ஆகும்? முனை தேயத் தேய அது வெட்டுகிற ஆழம் குறையும். வெளி விட்டத்தைக் கடைந்தால் பெரிதாகும், உள் விட்டத்தில் சிறிதாகும். நேர்தலைகீழாக எழுதி வைத்திருக்கிறதே!

ஓசூர்_தரம்

@கேஜ்_ரூம் அதேதான். மே மாதம் கஸ்டமரின் சப்ளையர் குவாலிட்டி இஞ்சினியர் ஃபாலோஅப்புக்கு வந்தார். முதலில் அந்த இரண்டு மணி நேரப் பதிவைக் கேட்டார். அப்படி ஒரு பதிவே எங்களிடம் கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை, கருவி தானாகச் சேர்த்த வரி அது. அப்புறம் நீங்கள் கேட்ட கேள்வியையே கேட்டார். 22 வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் தலையைக் குனிந்து நின்றேன். என் சர்வீஸில் அப்படி ஒரு நாள் இல்லை.

அன்று சாயங்காலம்தான் ஷிப்ட் லாக் புத்தகத்தை எடுத்தோம். எங்கள் லைனில் ஒரு இன்சர்ட் சுமார் 300 பீஸ் ஓடும். தேயும்போது போர் சிறிதாகும் என்பதால் ஐம்பது பீஸுக்கு ஒருமுறை ஆபரேட்டர் மெஷினில் ஆஃப்செட் என்ற திருத்த அளவில் 3 மைக்ரான் கூட்டிக்கொண்டே போவார். 300 முடியும்போது 18 மைக்ரான் ஏறியிருக்கும். புது இன்சர்ட் போட்டால் அந்த 18-ஐப் பூஜ்யமாக்கவேண்டும். ஆக்காவிட்டால் நாங்கள் குறிவைக்கும் 22.010 என்ன ஆகும்? 22.028. கஸ்டமர் சொன்ன அளவு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

லாக் புத்தகத்தில் அந்த சூப்பர்வைசர் தமிழில், பென்சிலில் எழுதியிருந்தார்: “9.40 இன்சர்ட் மாத்தியாச்சு. ஆஃப்செட் எடுக்கல. சி ஷிப்ட்ல சொல்லணும்.” பக்கத்திலேயே சொல்லிவிட்டதற்கு ஒரு டிக். பத்து மணிக்கு ஷிப்ட் மாறியது. சி ஷிப்டின் வழக்கமான சூப்பர்வைசர் அன்று லீவ், மாற்று ஆள் இருந்தார். முதல் பீஸ் செக் செய்வதற்குள் ஒன்பது பீஸ் ஓடி நல்ல பீஸ் போடும் பெட்டியில் விழுந்துவிட்டது. ஆக கவனிக்கத் தவறியவர் என்று நாங்கள் எழுதிய ஆள்தான் அந்த விஷயத்தைக் கவனித்து எழுதியும் வைத்திருந்த ஒரே ஆள்.

ஷிப்ட்_பி

நான் சொன்னது சரியாகிவிட்டதே. தடை போடுங்கள்.

பழைய_ஆடிட்டர்

நாற்பது சப்ளையர்களுக்கு மேல் 8டி படித்தவன், இப்போது ரிடையர்டு. ஷிப்ட்_பி தம்பி சொல்வதில் பாதி சரி. கஸ்டமர் மெயிலை வெளிக் கருவியில் ஒட்டியது தனித் தப்பு. அதில் டிராயிங் நம்பர் இருந்திருக்கும், ரகசிய ஒப்பந்தம் இருந்திருக்கும், சாம்சங் உதாரணம் அந்த விஷயத்துக்குப் பொருந்தும். ஆனால் ஓசூர் சார் சொன்ன கேடு அதனால் வந்ததில்லை. கம்பெனிக்குள்ளேயே பூட்டி வைத்த கருவியாக இருந்தாலும் அதே ரிப்போர்ட்தான் வந்திருக்கும்.

டிடெக்டர் விஷயத்தில் மட்டும் கையை வைக்காதீர்கள். ஓபன்ஏஐ தானே வெளியிட்ட டிடெக்டரை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் தானே எடுத்துவிட்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டில் ஒரு ஆய்வு செய்தார்கள். டோஃபல் தேர்வுக்கு வெளிநாட்டு மாணவர்கள் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் ஓட்டினால், சராசரியாகப் பாதிக்கும் மேல் ‘இயந்திரம் எழுதியது’ என்று வந்தது. காரணம், கற்றுக்கொண்ட இங்கிலீஷில் எழுதுபவர்களின் சொல்வளம் குறைவு, வாக்கியம் எளிமை. உங்கள் டீமில் மாட்டப்போவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. பழியைக் கருவி மேல் மட்டும் போடாதீர்கள். “ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது” என்ற வரியை நான் 1990-களிலிருந்தே படிக்கிறேன். அப்போது டைப்ரைட்டரில் வந்தது. கருவி அதை நம்மிடமிருந்துதான் கற்றது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. முன்பெல்லாம் விஷயம் தெரியாமல் எழுதிய 8டி பார்த்தாலே தெரியும், பாதிக் கட்டம் காலியாக இருக்கும், இங்கிலீஷ் திணறும். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கேள்வி கேட்போம். இப்போது காலியே இல்லை.

நான் கடைசிக் காலத்தில் ஒரே ஒரு இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பிரச்சினை விவரத்தில் ‘எது இல்லை’ என்று எழுதியிருக்கிறதா? பக்கத்து மெஷினில் இல்லை, ஏ ஷிப்டில் இல்லை, அன்று ஒன்பதரைக்கு முன்னால் வந்த பீஸில் இல்லை என்பதெல்லாம் தரைக்கு இறங்கிப் போய் அளந்தவனுக்குத்தான் தெரியும். மெயிலை மட்டும் படித்து எழுதினால் ‘எது இருக்கிறது’ மட்டும்தான் வரும். சார், உங்கள் பையன் அந்த ‘இல்லை’ வரிசையை நிரப்பியிருந்தால் பி ஷிப்ட் முழுக்கச் சரியாக ஓடியது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

ஓசூர்_தரம்

இதை அப்படியே குறிப்பில் சேர்க்கிறேன் ஐயா. எங்கள் ஃபார்மட்டிலேயே அந்த வரிசை இருக்கிறது, ‘பொருந்தாது’ என்று போட்டிருந்தான். நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

டிப்ளமோ_2009

தடை தடை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் பிளஸ் டூ வரை தமிழ்வழி, அப்புறம் டிப்ளமோ. பதினைந்து வருடம் மெஷின் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்ததை இங்கிலீஷில் எழுதத் தெரியாததால், நேற்று வந்த பி.இ. பையன் என் கண்டுபிடிப்பை அவன் பெயரில் எழுதிப் ப்ரசன்டேஷன் கொடுத்தான். ஒருமுறை இல்லை. இந்தக் கருவி வந்த பிறகுதான் என் ரிப்போர்ட்டை மேலே இருப்பவர்கள் முழுசாகப் படிக்கிறார்கள். போன வருடம்தான் எனக்கு முதல் கைசன் அவார்டு. அதை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாம் என்று சார் போட்டிருப்பது எனக்குப் போதும்.

ஆனால் சார், ஒரு எச்சரிக்கை. உங்கள் சூப்பர்வைசர் எழுதினாரே “ஆஃப்செட் எடுக்கல”, அதைக் கொடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். நான் இப்போதுதான் பார்த்தேன். ஆஃப்செட் *அளந்து எடுக்கவில்லை* என்ற அர்த்தத்தில் இங்கிலீஷ் வருகிறது. அவர் சொன்னது பழைய ஆஃப்செட்டை *நீக்கவில்லை* என்று. நமக்கு ‘எடுக்கிறது’ இரண்டுக்கும் ஒரே சொல். ஷாப் ஃப்ளோரில் யாருக்கும் குழப்பம் வராது, கருவிக்கு வரும். முதல் அர்த்தத்தில் போயிருந்தால் அந்த மனுஷன் மேல் இன்னொரு குற்றம் ஏறியிருக்கும், அளக்கவேயில்லை என்று!

ஓசூர்_தரம்

@டிப்ளமோ_2009 இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. மொழிபெயர்ப்பு என்றால் ஆபத்தில்லை என்று நினைத்து அதற்கு எந்த நிபந்தனையும் போடாமல் விட்டிருந்தேன்.

மனிதவளம்_12

எச்ஆரில் இருக்கிறேன், இரண்டு கம்பெனிகளில் கேலிப்ரேஷன் மீட்டிங் நடத்தியிருக்கிறேன். 8டி எனக்குப் புரியாது, அப்ரைசல் பக்கம் பேசுகிறேன்.

எல்லா மேனேஜர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து, யாருக்கு 4, யாருக்கு 3 என்று சண்டை போடுகிற கூட்டம்தான் கேலிப்ரேஷன். இத்தனை பேருக்குத்தான் 4 தரலாம் என்று மேலிருந்து ஒரு கணக்கு வரும். அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? “அவர் முன்முயற்சி உள்ளவர், டீமோடு இணைந்து செயல்படுகிறார்” என்று ஒரு மேனேஜர் வாசிக்கிறார். இன்னொருவர், “செப்டம்பரில் கம்ப்ரெஸர் நின்றபோது இவர் ஞாயிற்றுக்கிழமை வந்து லைனை மாற்றிப் போட்டு டெஸ்பாட்சைக் காப்பாற்றினார்” என்கிறார். 4 யாருக்குப் போகும்? இரண்டாம் ஆளுக்குத்தான். முதல் ஆள் உண்மையில் இன்னும் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். அவருடைய மேனேஜர் எழுதிய மழமழ வாசகத்தால் அவருக்கு அடி. மேனேஜர்கள் இதைப் புரிந்துகொள்வதே இல்லை, நல்லபடியாக எழுதியிருக்கிறேனே என்கிறார்கள்.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பெயரை மறைத்துவிட்டு வாசகத்தைப் படிப்பேன். அந்த டீமில் இன்னொருவருக்கும் அது பொருந்தினால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு மேனேஜரின் ஒன்பது அப்ரைசலில் ஏழு திரும்பிப் போனது உண்டு.

ஆனால் சார், உங்கள் குறிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் தேதியோடு சம்பவம் என்றால் மார்ச் மாதம் யாருக்கு ஜூன் ஞாபகம் இருக்கும்? கடைசி இரண்டு மாதச் சம்பவத்தை வைத்துத்தான் எழுதுவார்கள். இல்லையென்றால் எழுத்தில் இருக்கிற ஒரே ஆதாரமான 8டியைத் தேடிப் போவார்கள். 8டியில் என்ன இருக்கும்? தப்பு மட்டும்தான் இருக்கும். ஒருவர் வருடம் முழுக்கத் தடுத்த தப்புக்கு எந்த ரிப்போர்ட்டும் கிடையாது. உங்கள் செக்‌ஷன் ஹெட் செய்ததும் அதுதானே? கருவி இல்லாமல் கையால் எழுதியிருந்தாலும் அதே 8டியைப் பார்த்து அதே வரியைத்தான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதம் ஒருமுறை ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் இந்த விதி காகிதத்தில்தான் இருக்கும்.

டெல்லி_குளிர்

மத்திய அரசு அலுவலகம், 18 வருடம். எங்கள் கதையையும் கேளுங்கள். எங்களுக்கு ஆண்டறிக்கை உண்டு, அதில் மேலதிகாரி எழுதும் சின்னக் குறிப்பு ஒன்று. முன்பு அதை எங்களுக்குக் காட்டவே மாட்டார்கள், மோசமாக எழுதினால் மட்டும் தெரிவிப்பார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் இதை மாற்றியது. அவர் எல்லைச் சாலைப் பணியில் இருந்த இஞ்சினியர். ஒரு வருடம் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். கேட்க நல்லதுதானே? ஆனால் ப்ரமோஷனுக்கு ‘மிக நன்று’ வேண்டும். அந்த ‘நன்று’ அவருக்குத் தெரியாமலே அவரைக் கீழே பிடித்து வைத்திருந்தது. எந்தப் பதிவானாலும், நல்லதோ கெட்டதோ, ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும், அவர் பதில் சொல்ல வாய்ப்பு இருக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது எங்கள் அதிகாரி எழுதுகிற குறிப்பெல்லாம் கருவியின் புண்ணியத்தில் இனிப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் பாராட்டு. மதிப்பெண் மட்டும் ஏறி இறங்குகிறது. இனிப்பான குறிப்புக்கு எதிராக நான் என்னவென்று பதில் எழுதுவது? திட்டியிருந்தாலாவது மறுக்கலாம்.

கேஜ்_ரூம்

தனியார் கம்பெனிக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது இல்லையா?

டெல்லி_குளிர்

நேரடியாகப் பொருந்தாது, அது அரசுப் பணிக்கு. ஓசூர் சார் குறிப்பில் அந்த எண்ணம் இல்லையே என்றுதான் சொன்னேன். சம்பவத்தை எழுதுங்கள் என்கிறார், அதைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டுங்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்த சூப்பர்வைசரிடம் ஜூன் மாதமே 8டியைக் காட்டியிருந்தால், “சார், லாக் புத்தகத்தைப் பாருங்கள்” என்று அன்றே சொல்லியிருப்பார்.

ஷிப்ட்_பி

சரி, டிடெக்டரை விட்டுவிடுகிறேன். ஆனால் கடைசி வரி, பயன்படுத்தியதைச் சொல்லவேண்டும் என்பது, அதையாவது கறாராக வையுங்கள். ஒளிவுமறைவு இருக்கக்கூடாது.

டிப்ளமோ_2009

எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடிக்கவில்லை. நான் நேர்மையாக “கருவி பயன்படுத்தினேன்” என்று போடுவேன். பி.இ. பையனும் பயன்படுத்துவான், ஆனால் அவன் போடமாட்டான், அவன் இங்கிலீஷைப் பார்த்து யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். என் ரிப்போர்ட்டை எடுத்ததும் “ஓ, இது மெஷின் எழுதியது” என்று ஓரம் தள்ளுவார்கள். இதில் யாருக்கு நஷ்டம்?

பழைய_ஆடிட்டர்

எனக்கும் அந்த வரியால் பெரிய பயன் தெரியவில்லை. கால்குலேட்டர் பயன்படுத்தினேன் என்று யாரும் எழுதுவதில்லை. கைப்பட எழுதிய குறிப்பு இணைப்பாக வந்துவிட்டால் மற்றது எப்படி அச்சானது என்பது எனக்குத் தேவையில்லை.

மனிதவளம்_12

ரிப்போர்ட்டுக்கு நீங்கள் சொல்வது சரி ஐயா. அப்ரைசலுக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒருவருடைய வருடத்து உழைப்பைப் பற்றி அவருடைய மேனேஜர் தானே உட்கார்ந்து யோசித்தாரா என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. இப்போது ஊழியர் தன் சுயமதிப்பீட்டைக் கருவியில் எழுதி நான்கு பக்கம் அனுப்புகிறார், மேனேஜர் அதைக் கருவியில் கொடுத்து நான்கு வரியாகச் சுருக்குகிறார். இரண்டு பேருமே படிக்கவில்லை! இதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒன்றுமே இல்லையே சார், சுயமதிப்பீட்டில் அவர்கள் பயன்படுத்தலாமா கூடாதா?

ஓசூர்_தரம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், ஆடிட் ஓடிக்கொண்டிருந்தது.

மாற்றியவை இவை. 8டியில் ‘எது இல்லை’ வரிசை காலியாகவோ ‘பொருந்தாது’ என்றோ இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு தனி மனிதரைக் காரணமாகக் காட்டும் ரிப்போர்ட்டை அவர் படித்துக் கையொப்பமிடாமல் போர்ட்டலில் ஏற்றக்கூடாது. டெல்லி நண்பர் சொன்னதுதான். மொழிபெயர்த்திருந்தால் தமிழ் மூலமும் கூடவே இருக்கவேண்டும், இங்கிலீஷ் தெரிந்த இன்னொரு ஷாப் ஃப்ளோர் ஆள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இந்த இடத்தில் ‘எடுக்கல’ உதாரணத்தை அப்படியே போட்டிருக்கிறேன், படித்தவுடன் எல்லோருக்கும் புரிகிறது. மாதம் இரண்டு வரி விஷயத்தை செக்‌ஷன் ஹெட்களிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் சரி என்றார்கள். 8டியை அப்ரைசலுக்கு ஆதாரமாக எடுக்கவே கூடாது என்றும் எழுதினேன். அதற்குக் காரணம் கருவி இல்லை. 8டியில் வரும் தன் பெயர் அப்ரைசலுக்குப் போகும் என்று தெரிந்தால் அடுத்த முறை லாக் புத்தகத்தில் யாரும் ‘ஆஃப்செட் எடுக்கல’ என்று எழுதமாட்டார்கள்.

கடைசி வரியை ரிப்போர்ட்டில் எடுத்துவிட்டேன், அப்ரைசலில் வைத்திருக்கிறேன். அரைகுறை முடிவுதான், தெரியும். சுயமதிப்பீட்டைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அவர்களை எழுதவிடாமல் தடுக்க எனக்கு மனசில்லை, நான்கு பக்கம் படிக்கவும் நேரமில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் போடலாமா என்று யோசிக்கிறேன்.

கேஜ்_ரூம்

அந்த சூப்பர்வைசர் என்ன ஆனார்? 1,100 ரூபாய்?

ஓசூர்_தரம்

போன வருட சைக்கிள் மூடியாகிவிட்டது, சிஸ்டத்தில் ரேட்டிங்கைத் திருத்தமுடியாது என்கிறது எச்ஆர். தொழிலாளிகள் என்றால் ஒப்பந்தப்படி இன்க்ரிமெண்ட், இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. இவர் ஸ்டாஃப் கேட்டகிரி. திருத்தக் கடிதம் ஒன்று எழுதி அவருடைய ஃபைலில் சேர்த்தேன், கருவி இல்லாமல், என் கைப்பட. பணத்துக்கு இடைக்காலத் திருத்தம் கேட்டு மேலே அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மனிதவளம்_12

“திருத்தமுடியாது” என்பது சிஸ்டத்தில்தான் சார். எங்கள் கம்பெனியில் எம்.டி. ஒப்புதலோடு அரியர்ஸாகக் கொடுத்திருக்கிறோம். விடாதீர்கள், ‘ஸ்பெஷல் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று கேளுங்கள், ரேட்டிங்கைத் தொடவேண்டாம்.

டிப்ளமோ_2009

கஸ்டமர் போர்ட்டலில் மூல காரணத்துக்கு 500 எழுத்துதான் இடம் தருகிறார்களே, அதில் தமிழ் லாக் பக்கத்தை எங்கே சேர்ப்பது சார்?

ஓசூர்_தரம்

எங்கள் கஸ்டமரின் போர்ட்டலில் கீழே அட்டாச்மென்ட் பட்டன் இருக்கிறது, பக்கத்தை போட்டோ எடுத்து அதில் ஏற்றுகிறோம். கஸ்டமர் பெயரோ டிராயிங் நம்பரோ அந்தப் பக்கத்தில் வேறு வரியில் இருந்தால் அதை மட்டும் காகிதம் வைத்து மறைத்துவிட்டு எடுங்கள். போன வாரம் ஒன்று அப்படியே ஏறிப் போய், அதற்கு நான் தனியாக மெயில் எழுதவேண்டியதாகிவிட்டது.